தூசியும் வெக்கையும் உள்ள அறையில் கேபினெட் ஃபேன்கள்: எது உள்ளே இழுக்கணும், எது வெளியே தள்ளணும்?

"வடபழனியில் மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டைப் பார்த்த அறை, மொட்டை மாடிக்கு நேர் கீழே, ஏசி இல்லை. ரைசன் 5 5600, ஆர்டிஎக்ஸ் 3060. முன்பக்கம் கண்ணாடி வைத்த கேபினெட். முன்னால் 3 ஃபேன் உள்ளே இழுக்குது, மேலே 2, பின்னால் 1 வெளியே தள்ளுது. கேம் ஆடினா கார்டு 84 டிகிரி போகுது. ரெண்டே மாசத்துல உள்ளே தூசி மெத்தை மாதிரி படியுது. இன்னும் ஃபேன் சேர்க்கணுமா? நல்ல ஃபில்டர் போட்டா சூடு இன்னும் ஏறாதா அண்ணா?"

ஃபேன் சேர்க்க வேண்டாம். மேலே இருக்கும் இரண்டையும் கழற்றிவிடுங்கள். சூடு, தூசி இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: உங்கள் கேபினெட் உள்ளே இழுப்பதைவிட வெளியே தள்ளுவது அதிகம்.

மூன்று உள்ளே, மூன்று வெளியே என்றால் சமம்தானே என்று தோன்றும். எண்ணிக்கையில் சமம், காற்றில் சமம் இல்லை. முன்னால் உள்ள மூன்று ஃபேன்களும் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கின்றன. அவற்றுக்குக் காற்று கிடைப்பது கண்ணாடியின் ஓரத்தில் விட்டிருக்கும் விரல் கனமான இடுக்கு வழியாகத்தான். அதைத் தாண்டி கம்பெனியே வைத்த நைலான் வலை வேறு. மேலே உள்ள இரண்டுக்கும் அப்படி எந்தத் தடையும் இல்லை, நேரே திறந்த வெளி. ஆக முன்னால் உள்ளவை மூச்சுத் திணறி இழுக்கின்றன, மேலே உள்ளவை தாராளமாகத் தள்ளுகின்றன. வெளியே போன காற்றுக்கு ஈடாகக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தே ஆக வேண்டும். அது பின்பக்க ஸ்லாட் மூடிகளின் துளைகள், பக்கவாட்டுத் தகட்டின் இடுக்கு, யூஎஸ்பி ஓட்டைகள் வழியாக வருகிறது. அங்கெல்லாம் ஃபில்டர் கிடையாது. முன்னால் எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டாலும் தூசி இந்தப் பின்வாசல் வழியாக வந்துகொண்டேதான் இருக்கும்.

இதை நீங்களே பார்த்துவிடலாம். சீலிங் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கேம் ஒன்றை ஓட விடுங்கள். கேபினெட் ஃபேன்கள் வேகம் பிடித்ததும் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, கேபினெட்டின் பின்பக்கம், கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே காலியாக இருக்கும் ஸ்லாட் மூடிகளிடம் இரண்டு அங்குலம் தள்ளிப் பிடியுங்கள். புகை நேராக எழும்பாமல் மூடியின் துளைகளை நோக்கி வளைந்து உள்ளே போனால் உள்ளே அழுத்தம் குறைவு. துளையிலிருந்து காற்று வந்து புகையைக் கலைத்துத் தள்ளினால் உள்ளே அழுத்தம் அதிகம், நமக்கு வேண்டியது அதுதான். கார்டின் சொந்த வென்ட்டுக்கு எதிரே பிடிக்காதீர்கள், கார்டின் ஃபேன் தள்ளும் காற்று அங்கே வந்து குழப்பும். பத்தி வேண்டாம் என்றால் மெல்லிய டிஷ்யூ பேப்பரைக் கீற்றாகக் கிழித்துத் தொங்கவிட்டாலும் போதும்.

பத்தி கூட இல்லாமல் இன்னொரு சாட்சியும் உண்டு. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி அதன் உள் ஓரத்தைப் பாருங்கள். தகடு பொருந்தும் கோட்டில் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு போட்டாற்போல் தூசி இருந்தால், அந்த இடுக்கு வழியாகக் காற்று உள்ளே வந்திருக்கிறது. தூசி எந்த வழியாக நுழைகிறதோ அங்கே தடம் விட்டுத்தான் போகும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ஸ்லாட் மூடிகளைச் சுற்றியும் அந்தத் தடம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, சூட்டுக்கு வருவோம். ஒரு எளிய கணக்கு இருக்கிறது:

உள்காற்று அறையைவிட எத்தனை டிகிரி அதிகம் = 1.8 × வாட் ÷ சிஎஃப்எம்

சிஎஃப்எம் என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று கேபினெட்டைக் கடந்து போகிறது என்பது. உங்கள் கார்டு முழு வேகத்தில் 170 வாட், பிராசஸர் அதிகபட்சம் 76 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து 300 வாட் என்று வைத்துக்கொள்வோம். கேம் ஆடும்போது இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவது அபூர்வம் என்றாலும், மே மாதத்துக்குத் திட்டமிடும்போது தாராளமாகவே கணக்குப் போட வேண்டும்.

120 எம்எம் ஃபேன் பெட்டியில் 50, 60 சிஎஃப்எம் என்று அச்சிட்டிருப்பார்கள். அது முன்னும் பின்னும் தடையே இல்லாமல், முழு வேகத்தில் அளந்தது. கண்ணாடிக்கும் வலைக்கும் பின்னால், காது தாங்கும் வேகத்தில், ஒரு ஃபேனுக்கு 13 கிடைத்தாலே பெரிது. மூன்றுக்கும் சேர்த்து 40 என்று வையுங்கள். 1.8ஐ 300 வாட்டால் பெருக்கினால் 540, அதை 40ஆல் வகுத்தால் 13.5. மதியம் அறை 34 டிகிரி என்றால் கேபினெட்டுக்குள் காற்று சராசரியாக 47 டிகிரி வரை போகலாம். கார்டு அந்தக் காற்றை இழுத்துத்தான் தன்னைக் குளிர்விக்க வேண்டும். வலை அடைத்துக்கொண்டு மொத்தம் 25 ஆகக் குறைந்தால் 34க்கு மேல் 21 டிகிரிக்கும் அதிகம். கண்ணாடியை எடுத்துவிட்டு நல்ல வலை மட்டும் வைத்தால் ஃபேனுக்கு 22, மொத்தம் 66 கிடைக்கும். அப்போது 8 டிகிரிதான். இந்த சிஎஃப்எம் எண்கள் என் கணிப்பு. கேபினெட்டுக்குக் கேபினெட் மாறும். ஆனால் விகிதம் இப்படித்தான் நடக்கும். கார்டுக்குக் கிடைக்கும் காற்று 5 டிகிரி குறைந்தால் கார்டின் சூடும் ஏறக்குறைய அந்த அளவே குறையும்.

பின்வாசல் வழியாக வரும் காற்றும் காற்றுதானே, அதுவும் குளிர்விக்காதா என்று கேட்கலாம். அதில் பெரும்பகுதி பின் ஃபேனுக்கும் மேல் ஃபேன்களுக்கும் பக்கத்திலேயே நுழைந்து, கார்டையோ பிராசஸரையோ தொடாமல் அப்படியே வெளியே போய்விடுகிறது. தூசியை மட்டும் விட்டுவிட்டுப் போகிறது.

ஆகவே முதல் வேலை முன்பக்கம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பல கேபினெட்டுகளில் முன் பேனல் வெறும் கிளிப்தான், கீழே விரலை விட்டு இழுத்தால் வந்துவிடும். எல்ஈடி வயர் இருந்தால் பார்த்து இழுங்கள். உள்ளே தெரியும் இரும்புச் சட்டத்தில், ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் காந்த ஓரம் வைத்த 360 எம்எம் நைலான் ஃபில்டரை ஒட்டலாம். மூன்று 120 எம்எம் ஃபேனுக்கு அது சரியான அளவு. ஃபேன்கள் சட்டத்துக்கு வெளியே மாட்டப்பட்டிருந்தால் காந்தம் பிடிக்காது. ஃபேன்களைச் சட்டத்துக்கு உள்பக்கம் மாற்றிவிட்டு ஒட்டுங்கள். இதில் ஒரு லாபமும் இருக்கிறது. ஃபில்டர் ஃபேனின் இறக்கைகளை ஒட்டியே இருந்தால் அதன் முழுப் பரப்பும் வேலை செய்யாது, ஒரு விதமான ரீங்காரமும் வரும். ஒரு சென்டிமீட்டராவது இடைவெளி இருந்தால் காற்று வலை முழுவதும் பரவி வரும். கண்ணாடியின் அழகு வேண்டும் என்றால், அதை ஒன்றரை சென்டிமீட்டர் முன்னால் தள்ளி நிற்கிற மாதிரி நான்கு மூலையிலும் ரப்பர் கட்டை வைத்து ஒட்டுபவர்கள் உண்டு. பாதி பலன் கிடைக்கும்.

ஃபில்டர் வாங்கும்போது மிக நுண்ணியதாகத் தேடாதீர்கள். கண்ணுக்கு எதிரே வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிய வேண்டும். ஏர் பியூரிஃபையர் துணி, முகக்கவசத் துணி போன்றவற்றை வெட்டி வைக்கும் யோசனை சிலருக்கு வரும். கேபினெட் ஃபேனுக்கு அந்தத் தடையைத் தாண்டி இழுக்கும் அழுத்தம் கிடையாது. சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், காற்று வராது. நேர் எதிராக, ஜன்னல் கொசுவலையை வெட்டி வைத்தால் பஞ்சும் முடியும்தான் நிற்கும், மற்றது எல்லாம் உள்ளே போய்விடும்.

நைலான் ஃபில்டர் எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மெட்ரோ வேலையிலிருந்து பறந்து வரும் சிமெண்ட் பொடியில் பெரும்பகுதி மிக நுண்ணியது, எந்த கேபினெட் வலையும் அதை நிறுத்தாது. ஆனால் அந்தப் பொடி தனியாக இருந்தால் மெல்லிய படலமாகத்தான் படியும், ப்ளோயரால் ஊதினால் போய்விடும். கூலரின் தகடுகளுக்கு நடுவே மெத்தை போல அடைத்துக்கொள்வது துணிப் பஞ்சு, தலைமுடி, போர்வை நூல் இவைதான். இவை பின்னிக்கொண்ட பிறகு நுண்பொடி அதில் தங்குகிறது. நம் ஊர் ஈரக்காற்றும், சமையலறை பக்கத்தில் இருந்தால் தாளிக்கும் புகையும் அதைப் பிசுபிசுப்பாக்கி ஒட்டவைத்துவிடுகின்றன. பஞ்சை வாசலிலேயே நிறுத்திவிட்டால் பாதிப் பிரச்சினை போயிற்று. போனஸாக, எறும்பும் பல்லியும் முன்வழியாக உள்ளே குடிபோவதும் குறையும்.

அடுத்து மேல் பக்கம். கழற்றிய இரண்டு ஃபேன்களில் முன்பக்கமாக இருந்தது உண்மையிலேயே கெடுதல் செய்தது. முன் ஃபேன்களில் மேலே இருப்பது இழுத்து வரும் புதுக் காற்று பிராசஸர் கூலரை எட்டும் முன்பே அது பிடுங்கி வெளியே போட்டுவிடுகிறது. "சூடு மேலே போகும், அதனால் மேலே ஃபேன் இருந்தே ஆக வேண்டும்" என்பார்கள். ஃபேன் ஓடும் கேபினெட்டில் காற்று போகும் திசையை ஃபேன்தான் தீர்மானிக்கிறது. சூடு தானாக மேலே எழும் வேகம் அதன் முன் ஒன்றுமே இல்லை. மேல் திறப்பின் முன்பாதியை ஒரு பிளாஸ்டிக் அட்டையால் உள்பக்கமாக மூடிவிடுங்கள். பின்பாதியில் காந்த வலை ஒன்று போட்டுத் திறந்தே விடுங்கள். உள்ளே அழுத்தம் அதிகமாக இருப்பதால் மிச்சக் காற்று அந்த வழியாகத் தானாக வெளியே போகும். வலை எதற்கு என்றால், கணினியை நிறுத்திய பிறகு அழுத்தம் என்று ஒன்று இருக்காது. சீலிங் ஃபேன் கிளப்பிவிடும் தூசி இரவு முழுவதும் மேலிருந்து நேரே மதர்போர்டில் இறங்கும்.

பின்னால் உள்ள ஒரு ஃபேன் வெளியே தள்ளட்டும், அது போதும். எஸ்எம்பிஎஸ் கீழே இருந்து அதன் ஃபேன் தரையைப் பார்த்து மாட்டியிருந்தால், அது கீழிருந்து இழுத்துப் பின்னால் விடும். நம் கணக்கில் வராது. கீழே உள்ள அதன் வலையை மட்டும் மறக்காதீர்கள். பலர் அதைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். எஸ்எம்பிஎஸ் ஃபேன் உள்பக்கம் பார்த்து இருந்தால் அதுவும் கேபினெட் காற்றை வெளியே தள்ளும் ஃபேன்தான், புரட்டி மாட்டிவிடுங்கள். ஃபேன் எந்தப் பக்கம் ஊதுகிறது என்று சந்தேகம் வந்தால் மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பாருங்கள். காற்று அந்தப் பக்கம்தான் வெளியே வரும்.

வேகத்துக்கு வருவோம். முன் மூன்றும் நிமிடத்துக்கு 1000 சுற்று, பின் ஒன்று 700, 800 சுற்று என்று தொடங்குங்கள். பயாஸில் `CHA_FAN` அல்லது `SYS_FAN` என்று இருக்கும். பயாஸ் பிராசஸர் சூட்டைப் பார்த்து ஃபேனை ஓட்டும். கேம் ஆடும்போது அதிகம் கொதிப்பது கார்டு என்பதால், விண்டோஸில் `FanControl` நிறுவி முன் ஃபேன்களை கார்டின் சூட்டோடு இணைப்பது நல்லது. கேபினெட்டோடு வந்த ஆர்ஜிபி ஃபேன்கள் பெரிய நான்கு முள் மோலெக்ஸில் நேரடியாகச் செருகப்பட்டிருந்தால் வேகத்தை மாற்றவே முடியாது. அப்படியானால் பின் ஃபேனையாவது வேகம் குறைக்கக்கூடிய ஒன்றாக மாற்றி, மதர்போர்டில் செருகுங்கள்.

எல்லாம் மாட்டியதும் ஊதுபத்தியை மறுபடி எடுங்கள். ஸ்லாட் மூடியிடம் புகை வெளியே தள்ளப்பட வேண்டும். உள்ளே போனால் பின் ஃபேன் வேகத்தை நூறு நூறாகக் குறையுங்கள்.

இப்போது நான் உண்மையிலேயே அழுத்திச் சொல்ல விரும்பும் இடம். இன்று உள்ளே அழுத்தம் அதிகம் என்பதால் அடுத்த மாதமும் அப்படியே இருக்கும் என்று அர்த்தம் இல்லை. ஃபில்டர் அடைய அடைய முன்னால் வரவு குறையும், பின் ஃபேனோ குறையாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் நிலைமை சத்தமில்லாமல் தலைகீழாகி, தூசி பழையபடி பின்வாசல் வழியாக வரத் தொடங்கும். ஃபில்டர் இருக்கிறதே என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். தூசி குறைந்த ஊரில் இதற்கு ஆறு மாதம் ஆகலாம். வேலை நடக்கும் ரோட்டைப் பார்த்த அறையில் மூன்று, நான்கு வாரம்தான். அதனால்தான் தொடக்கத்திலேயே வரவுக்கும் செலவுக்கும் நல்ல இடைவெளி விட்டு, மூன்றுக்கு ஒன்று என்று வைக்கச் சொல்கிறேன். ஃபில்டர் பாதி அடைத்தாலும் அழுத்தம் நம் பக்கம் இருக்கும்.

எப்போது கழுவ வேண்டும் என்பதற்குத் தேதியைவிட எண் நல்லது. ஒரு சாதாரண அறை வெப்பமானியை முன் ஃபேன்களுக்கு அருகே வையுங்கள். ஃபில்டர் புதிதாக இருக்கும்போது ஒரே கேமை இருபது நிமிடம் ஓட்டி, `HWiNFO`வில் கார்டின் சூட்டைப் பார்த்து, அதிலிருந்து அறைச் சூட்டைக் கழித்து எழுதி வையுங்கள். 78 கழித்தல் 34 என்றால் 44. கார்டின் சூட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். மார்கழியில் 72, சித்திரையில் 80 என்று காட்டும். இரண்டிலும் வித்தியாசம் 44தான் என்றால் கேபினெட்டில் எந்தக் கோளாறும் இல்லை, வெயில்தான் கூடியிருக்கிறது. அறை 34 இருக்கும்போதே வித்தியாசம் 49, 50 ஆனால் ஃபில்டர் கழுவும் நாள் வந்துவிட்டது. ஃபில்டரை எடுத்துவிட்டு உடனே அதே கேமை ஓட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று டிகிரி குறைவது இயல்பு, ஃபில்டருக்கு நாம் கொடுக்கும் விலை அது. ஆறு ஏழு குறைந்தால் அடைத்திருக்கிறது.

கழுவும்போது முதலில் வெளியே கொண்டுபோய்த் தட்டுங்கள். பிறகு குழாய்த் தண்ணீரை ஃபேன் பக்கம் இருந்த முகத்தில் விழவிட வேண்டும், தூசி வந்த வழியே திரும்பிப் போகும். எதிர்ப்பக்கம் விட்டால் துளைக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு சொட்டு. நிழலில் காயவிடுங்கள், மழைக்காலத்தில் ஒரு ராத்திரி முழுக்க ஆகும். ஈரத்தோடு மாட்டக்கூடாது. இரண்டாவது ஃபில்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் மாற்றி மாற்றிப் போடலாம், காயும் வரை ஃபில்டர் இல்லாமல் ஓட்டும் ஆசை வராது.

இப்போது படிந்திருக்கும் தூசியை முதலில் பால்கனிக்கு எடுத்துப்போய் ப்ளோயரால் ஊதிவிட்டுத்தான் இதையெல்லாம் செய்ய வேண்டும். கணினியின் மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு ஃபேனின் இறக்கையையும் விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். சுற்றவிட்டால் அளவுக்கு மீறிய வேகத்தில் பேரிங் கெடும்.

கேபினெட் எங்கே இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. தரையில் இருந்தால் ஒரு முக்காலி மேல் ஏற்றுங்கள். துடைப்பம் கிளப்பும் தூசி தரையை ஒட்டித்தான் அதிகம் அலையும். ஜன்னலுக்கு நேர் எதிரே முன்பக்கம் பார்க்க வேண்டாம். பின்னால் சுவருக்கும் கேபினெட்டுக்கும் நடுவே அரை அடியாவது விடுங்கள். டேபிளின் மூடிய அறைக்குள் வைத்தால் வெளியே தள்ளிய சூட்டையே மறுபடி இழுக்கும், அங்கே எந்த ஃபேன் திட்டமும் பலிக்காது.

கேபினெட்டை எவ்வளவு சரிசெய்தாலும் உள்காற்று அறைக்காற்றைவிடக் குளிராக ஆகாது. அந்த 300 வாட்டும் கடைசியில் அறைக்குள்தான் கொட்டுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு சின்ன அறையில் மதியம் மூன்று மணி நேரம் ஆடினால் அறையே 34லிருந்து மேலே ஏறும். அதனால் மே, ஜூனில் கார்டின் மின்சாரத்தையே குறைத்துவிடுவது என் வழக்கம். `MSI Afterburner`இல் `Power Limit` என்ற பட்டையை 85க்கு இறக்குங்கள். 170 வாட் 145க்கு அருகில் வந்துவிடும், கேமில் ஓரிரண்டு ஃபிரேம் குறைவது கண்ணுக்குத் தெரியாது. கார்டின் ஃபேன் சத்தம் குறைவது காதுக்குத் தெரியும். மழை பிடித்ததும் திரும்ப 100க்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.